லாகின் ஆகிறது, ஆனால் உள்ளே போக முடியவில்லை

ஓர் அலுவலகத்தின் விடுப்பு விண்ணப்பச் செயலி. கடவுச்சொல் கேட்கும் வேலையை அது தானே செய்வதில்லை, நிறுவனத்தின் பொதுவான அடையாளச் சேவையிடம் விட்டிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் சிக்கலின்றி உள்ளே போகிறார்கள். பதினைந்து வருடமாக வேலை பார்க்கும் மேலாளர் கடவுச்சொல்லைச் சரியாகத்தான் போடுகிறார். திரை சில முறை வெள்ளையாகி மின்னுகிறது, கடைசியில் `ERR_TOO_MANY_REDIRECTS` என்று குரோம் கைவிரிக்கிறது. அடையாளச் சேவையின் பதிவேட்டைப் பார்த்தாலோ, சில நொடிகளுக்குள் அவர் பலமுறை வெற்றிகரமாக லாகின் ஆனதாக இருக்கிறது.

இங்கே மேலாளரை நினைவு வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு, ஒன்று அல்ல: அடையாளச் சேவையும் செயலியும். அடையாளச் சேவை தன் முகவரிக்கென ஒரு குக்கீயை பிரவுசரில் வைக்கிறது. அது நன்றாகவே பதிந்துவிட்டது. அதனால் மேலாளர் மறுபடி வந்தால் கடவுச்சொல் கேட்காமலே ‘இவர் இன்னார்தான்’ என்று உடனே திருப்பி அனுப்பிவிடும். செயலியும் தன் பங்குக்கு ஒரு குக்கீ வைக்க வேண்டும். அது பதியாவிட்டால், அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது அவர் யாரென்றே செயலிக்குத் தெரியாது. மறுபடி அடையாளச் சேவைக்கு அனுப்பும். அங்கே கேள்வியே இல்லாமல் அனுமதி. இங்கே மறதி. நடுவில் மனிதர் எதையும் தட்ட வேண்டிய இடமே இல்லாததால்தான் இந்தச் சுற்று தானாக நிற்பதில்லை.

பிரவுசரின் டெவலப்பர் கருவியில் Network பகுதியைத் திறந்து, Preserve log-ஐ டிக் செய்துவிட்டு லாகின் செய்தால் இப்படித் தெரியும்:

```
GET /callback?code=...   302  Set-Cookie: app_session=...
GET /home                302
GET /authorize?...       302
GET /callback?code=...   302  Set-Cookie: app_session=...
```

302 என்பது ‘வேறு முகவரிக்குப் போ’ என்ற பதில். இதில் பார்க்க வேண்டியது இரண்டாவது வரியை. முதல் வரியில் செயலி குக்கீயைக் கொடுத்திருக்கிறது. `/home` கோரிக்கையின் தலைப்புகளில் `app_session` இருக்கிறதா? மேலாளரின் பிரவுசரில் இல்லை. கொடுத்ததை பிரவுசர் வாங்கவே இல்லை.

காரணம் எடை. குக்கீயின் பெயரும் மதிப்பும் சேர்ந்து 4096 பைட்டைத் தாண்டினால் குரோம் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். செயலிக்குத் தகவல் எதுவும் போகாது. டெவலப்பர் கருவியில் அந்தக் குக்கீயின் பக்கத்தில் ஒரு சின்ன எச்சரிக்கைக் குறி வரும், அவ்வளவுதான்.

இந்தச் செயலி, அவர் யாரென்று சொல்ல அடையாளச் சேவை தந்த டோக்கனை அப்படியே குக்கீக்குள் வைக்கிறது. டோக்கனில் அவர் உறுப்பினராக உள்ள குழுக்களின் பட்டியலும் இருக்கிறது. ஒரு குழுவின் அடையாள எண் 36 எழுத்து. மேற்கோள் குறிகளும் காற்புள்ளியும் சேர்ந்தால் 39 பைட். புதியவர் 10 குழுக்களில் இருந்தால் 390 பைட். மேலாளரோ வருடக்கணக்கில் சேர்த்துவிட்ட 90 குழுக்களில் இருக்கிறார்: 3510 பைட். டோக்கனை பேஸ்64 முறையில் எழுதும்போது அது மூன்றில் ஒரு பங்கு பெருத்து 4680 ஆகிறது. பெயர், கையொப்பம் எல்லாம் இன்னும் சேரவில்லை, அதற்குள் வரம்பு தாண்டிவிட்டது.

‘குக்கீயை அழித்துப் பாருங்கள்’ என்ற வழக்கமான அறிவுரை இங்கே உதவாது. அழிப்பதற்கு அங்கே செயலியின் குக்கீயே இல்லை. வேறு கணினியில் போனாலும் அதே கதைதான். ஆளைப் பொறுத்துச் சிக்கல் வருகிறது, கருவியைப் பொறுத்து அல்ல என்றால் முதலில் குக்கீயின் அளவைச் சந்தேகிக்கலாம்.

குக்கீயைத் துண்டு துண்டாக வெட்டி வைப்பது ஒரு வழி. சில மென்பொருள்கள் அதைத் தாமாகவே செய்கின்றன. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. ஒவ்வொரு கோரிக்கையிலும் அத்தனை துண்டுகளும் பயணம் செய்யும். செயலிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இருந்தால் ஒரு கட்டத்தில் `400 Request Header Or Cookie Too Large` என்று அது தடுக்கும். டோக்கனை சர்வரிலேயே வைத்துக்கொண்டு, அதைத் தேடி எடுக்க ஒரு சின்ன எண்ணை மட்டும் குக்கீயில் கொடுப்பதே நல்லது. குழுப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் குக்கீ வளராது. கூடவே, இந்தச் செயலிக்குத் தேவையான குழுக்களை மட்டும் டோக்கனில் அனுப்பும்படி அடையாளச் சேவையில் அமைக்கலாம்.

சரி, `/home` கோரிக்கையில் குக்கீ போயும் சுற்று நிற்கவில்லை என்றால்? அப்போது பிரவுசரை விட்டுவிட்டு சர்வர் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு சர்வர்கள் வேறு வேறு சாவியோடு ஓடினால், ஒன்று பூட்டிய குக்கீயை மற்றது திறக்க முடியாமல் அந்நியராகவே நினைக்கும்.

எது காரணமாக இருந்தாலும், லாகின் முடிந்து திரும்பியவரை அடுத்த நொடியே அடையாளச் சேவைக்கு அனுப்ப நேர்ந்தால், செயலி அங்கேயே நின்று ஒரு பிழைப் பக்கத்தைக் காட்டலாம். மைக்ரோசாஃப்டின் அடையாளச் சேவையான ஏடிஎஃப்எஸ் இதை மறுமுனையில் செய்கிறது: ஒரே பிரவுசர் குறுகிய நேரத்தில் திரும்பத் திரும்ப டோக்கன் கேட்டால் கொடுக்க மறுத்துவிடும்.