ஐந்துக்கு ஐந்து கோலத்தில் எத்தனை சமச்சீர்?

பொங்கலன்று விடியற்காலையில் திருகோணமலையில் முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்து, அரிசிமாவால் ஐந்துக்கு ஐந்தாக 25 புள்ளி வைக்கிறார்கள். கோடு ஒன்றுகூட இழுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கோலத்துக்கு அதிகபட்சம் எத்தனை சமச்சீர் இருக்கலாம் என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. புள்ளிகளும் கோலத்தின் பகுதிதானே, அவற்றுக்கு இல்லாத சமச்சீர் கோட்டுக்கு மட்டும் வந்துவிடாது.

எண்ணிப் பார்ப்போம். நடுப்புள்ளியைச் சுற்றி 90, 180, 270, 360 பாகை திருப்பினால் புள்ளிகள் புள்ளிகள் மேலேயே வந்து விழும். அது நான்கு. 360 பாகை என்பது ஒன்றும் செய்யாமல் விடுவதுதான், ஆனாலும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அதை விட்டுவிட்டு மூன்று என்று எழுதுவதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. சமச்சீர் அச்சுகளும் நான்கு: நிலைக்குத்தாக ஒன்று, கிடையாக ஒன்று, மூலைவிட்டங்கள் இரண்டு. மொத்தம் எட்டு.

இனிக் கோடு. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிச் செல்லும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவே இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கலாம், அல்லது வெட்டாமல் தத்தம் புள்ளிப் பக்கமே வளைந்து திரும்பலாம். கடந்தால் அந்த இடம் திறந்தது, திரும்பினால் மூடியது என்று வைத்துக்கொள்வோம். ஐந்துக்கு ஐந்தில் இப்படிப்பட்ட இடங்கள் கிடையாக 20, நிலைக்குத்தாக 20, ஆக 40. எது திறந்தது, எது மூடியது என்று தெரிந்தால் கோலம் முழுவதும் தெரிந்த மாதிரி.

நாற்பதையும் திறந்துவிட்டால் எட்டுச் சமச்சீரும் அப்படியே நிற்கும். ஆனால் கோலம் ஒரே இழையில் முடியாது. எல்லா இடமும் திறந்த செவ்வகக் கோலத்தில், இரு பக்கப் புள்ளி எண்ணிக்கைகளின் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ, அத்தனை தனி இழைகள் வரும். 5, 5 என்றால் ஐந்து இழை. கையை ஐந்து தரம் எடுத்து வைக்க வேண்டும். 2, 3 என்றால் ஒரே இழை.

அந்த இரண்டுக்கு மூன்றில்தான் விஷயம் இருக்கிறது. நடுப்புள்ளியை மட்டும் தனியே விட்டால் மிச்சம் 24, அதாவது நான்கு ஆறு. மேல் இரண்டு வரிசையில் இடப்பக்க மூன்று மூன்று புள்ளிகளை ஒரு துண்டாக எடுங்கள். வலது ஓரத்து இரண்டு நிரல்களில் மேலிருந்து மூன்று மூன்று அடுத்த துண்டு. கீழ் இரண்டு வரிசையில் வலப்பக்க மூன்று மூன்று, பிறகு இடது ஓரத்து இரண்டு நிரல்களில் கீழிருந்து மூன்று மூன்று. நான்கும் நடுப்புள்ளியைச் சுற்றிக் காற்றாடி இதழ் போல நிற்கும். துண்டுக்குள் எல்லா இடமும் திறந்தது, துண்டுக்கு வெளியே எல்லாம் மூடியது. இப்போது ஐந்து இழை: நான்கு துண்டும், நடுவில் ஒரு வட்டமும்.

அடுத்தது நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள நான்கு இடங்களையும் திறப்பது. வேறு வேறு இழைகள் இரண்டு சந்திக்கும் மூடிய இடத்தைத் திறந்தால் அவை ஒன்றாகிவிடும். நான்கு இடம், நான்கு இணைப்பு, ஐந்து இழையும் ஒன்று. கையை எடுக்காமல் போட்டுவிடலாம்.

சமச்சீர் என்ன ஆனது? 90 பாகை திருப்பினால் ஒரு துண்டு அடுத்த துண்டின் இடத்துக்கு வருகிறது, நான்கு சுழற்சியும் தப்பின. கண்ணாடி வைத்தால் பொருந்தாது. மேல் இடப்பக்கத் துண்டை நிலைக்குத்து அச்சில் பிரதிபலித்தால் அது வலப்பக்க மூன்று நிரல்களைப் பிடிக்கும், ஆனால் அங்கே இருக்கும் துண்டுக்கு அகலம் இரண்டே நிரல். மற்ற அச்சுகளும் இப்படியே போகும். ஆகவே சுழற்சிச் சமச்சீர் வரிசை 4, சமச்சீர் அச்சு 0, மொத்தம் 4. அழகு குறைந்ததாகக் கண்ணுக்குத் தெரியாது. சுழல்வது போலத் தோன்றுவதே அச்சு இல்லாததால்தான்.

பிழை வரும் இடம் அந்த நான்கு இணைப்புகள். ஒன்றை மறந்தால் ஒரு துண்டு தனியே நின்றுவிடும், சமச்சீரும் ஒன்றாகச் சுருங்கும். எதிரெதிராக இரண்டை மறந்தால் 180 பாகைத் திருப்பம் தப்பும், மொத்தம் 2. அடுத்தடுத்த இரண்டு என்றால் மறுபடி 1.

கோட்டில் பிழையே இல்லாமலும் சமச்சீர் போகலாம். புள்ளிகளை 5 செ.மீ. இடைவெளியில் வைத்துவிட்டு வரிசைகளை 6 செ.மீ. தள்ளிப் போட்டால் சதுரம் செவ்வகமாகும், 90 பாகைத் திருப்பம் பொருந்தாது. எல்லாம் திறந்த கோலத்துக்கு எட்டு நான்காகும், காற்றாடிக்கு நான்கு இரண்டாகும். கண்ணால் இது எளிதில் பிடிபடாது. நூலொன்றை மூலைக்கு மூலை வைத்துப் பார்ப்பதும் உதவாது, செவ்வகத்திலும் மூலைவிட்டங்கள் சமன்தான். அடுத்தடுத்த பக்கங்கள் இரண்டையும் அதே நூலால் அளந்து பாருங்கள்.