தோற்றுவாய்: நாவலின் முதல் அத்தியாயத்துக்கு முன் நிற்கும் பக்கம்

ஆங்கில நாவல்களில் முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஓரிரு பக்கங்களில் வரும் காட்சிக்குப் புரொலாக் என்று பெயர். கிரேக்கத்தில் ‘புரோ’ என்றால் முன், ‘லோகோஸ்’ என்றால் சொல். நாடகத்தில் பாடகர் குழு அரங்கில் நுழைவதற்கு முன் நிகழும் பகுதி முழுவதையும் அரிஸ்டாட்டில் இந்தப் பெயரால் குறித்தார். ஆக, அந்தச் சொல் பிறந்த இடத்திலேயே அது கதையின் ஓர் உறுப்பு. கதைக்கு வெளியே நின்று பேசும் உரையன்று.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘முன்னுரை’ என்றால் நூலாசிரியர் தம் நூலைப் பற்றிப் பேசுவதாகிவிடும். ‘பாயிரம்’ இன்னும் செறிவான சொல்தான். முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம் என்று அதற்கு நன்னூல் தரும் மறுபெயர்களும் அழகானவை. ஆனால் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவையாக அந்நூல் குறிப்பவை ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டு. இவற்றில் ஒன்றும் கதைக்குள் நிகழ்வதன்று. எனவே ‘தோற்றுவாய்’ என்ற சொல்லையே நான் தேர்வேன். ஒன்று தோன்றும் இடம், தொடக்கம் என்பது அதன் பொருள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு சொல் இருக்கிறது. நாவல் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்தவை அனைத்தும் ‘முன்கதை’. வார இதழ்த் தொடர்கதைகளின் தலைப்பில் ‘முன்கதைச் சுருக்கம்’ என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். போன வாரம் படிக்காதவருக்காக அது போடப்பட்டது. இன்று எழுதப்படும் வரலாற்று நாவல்களில் தோற்றுவாய் என்ற பெயரில் வருபவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தப் பெட்டிகள்தாம். யாரும் இன்னும் படிக்கத் தொடங்காத கதைக்குச் சுருக்கம் எதற்கு?

வேலூரை வைத்தே ஒரு நாவலைக் கற்பனை செய்து பார்ப்போம். காலம் 1806. கோட்டைக்கு வெளியே பேட்டையில் வாழும் ஒரு பெண்தான் நாயகி. அவள் தம்பி கோட்டைக்குள் கம்பெனியின் சிப்பாய். ஜூலை 10 விடியுமுன் வெடித்த எழுச்சிதான் கதையின் உச்சம். முன்கதையோ மிகப் பெரிது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தது, அவர் குடும்பம் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டது, சிப்பாய்கள் நெற்றிக்குறியும் காதணியும் அணியக் கூடாது, தாடி வைக்கக் கூடாது, தோல் பொருத்திய புதிய தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று உத்தரவுகள் வந்தது, மே மாதம் மறுத்த சிப்பாய்கள் தண்டிக்கப்பட்டது. எழுதுபவருக்கு இவையெல்லாம் தெரியும். அதனால் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடக் கை துடிக்கும்.

முதலில் மனத்தில் எழுவது ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போர்க்காட்சி. விறுவிறுப்பாகவே வரும். ஆனால் அந்தப் பக்கங்களில் வாசகர் யாரோடு மனம் ஒன்றுகிறாரோ அவர் அங்கேயே இறந்துபோகிறார். பக்கத்தைத் திருப்பினால் ஏழு ஆண்டுகள் கழித்து வேறு ஊரில், முன்பின் தெரியாத ஒரு பெண் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறாள். வாசகர் நாவலை இரண்டாம் முறை தொடங்க வேண்டியிருக்கிறது. இந்த முறை ஆவல் குறைவு. திப்புவின் மகன்களில் ஒருவர் நாயகராக இருந்தால் அந்தக் காட்சிக்கு இடமுண்டு. இந்த நாவலில் இல்லை.

அடுத்து வருவது உத்தரவுகளின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் சொல்வது. பெட்டி என்பதை அதன் வாக்கியங்களே காட்டிக்கொடுத்துவிடும். ‘வந்திருந்தது’, ‘மாறியிருந்தது’, ‘வெறுத்திருந்தனர்’ என்றே வினைமுற்றுகள் வரிசையாக நிற்கும். ஆள் பெயர்கள் நிறைய இருக்கும், ஒருவர்கூடப் பேசமாட்டார். இதை எடுத்துவிட்டு முதல் மூன்று அத்தியாயங்களை விவரம் அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் தடுக்கி நிற்கும் வரிகளை மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள். அந்த இடங்களில்தான் முன்கதை தேவைப்படுகிறது. தம்பி புதிய தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். தாய் அதைத் தொட்டுப் பார்க்கிறாள், தோலென்று அறிந்ததும் கையை எடுத்துக்கொள்கிறாள். இரண்டு பக்க வரலாறு அந்த ஓர் அசைவுக்குள் அடங்கிவிடுகிறது.

வட ஆற்காட்டுத் தெருக்கூத்து இதைத்தான் செய்கிறது. திரைக்குப் பின்னிருந்து வேடம் வெளிப்படும்போது கட்டியங்காரன் ‘நீ யார்’ என்று கேட்கிறான். வருபவர் தம் குலமும் நாடும் வந்த காரணமும் பாடிச் சொல்கிறார். பாரதத்தின் முன்கதை முழுவதையும் முதலிலேயே கொட்டுவதில்லை. யார் வருகிறாரோ அவருடைய முன்கதை அவரோடு வருகிறது. சிலப்பதிகாரம் இன்னும் துணிவானது. கோவலனின் முற்பிறப்புச் சாபத்தைப் பதிகத்தில் சில அடிகளில் தொட்டுவிட்டு, முழுவதையும் மதுரை எரிந்த பின்பு கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வத்தின் வாயால் சொல்கிறது. ‘ஏன் இப்படி நடந்தது’ என்ற கேள்வி கேட்பவர் மனத்தில் முற்றிய நேரம் அது.

அப்படியானால் இந்த நாவலுக்குத் தோற்றுவாயே வேண்டாமா? ஒன்று மட்டும் வேண்டும் என்பேன். ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று தன் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். விசாரித்த இந்திய அதிகாரிகள் அவருக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்றார்கள். அவர் சிறையில் அடைக்கப்பட்டார். இந்தக் காட்சியை நாயகியின் கண்வழியே சொல்ல முடியாது. அவள் அங்கே இல்லை, அவளுக்கு அது தெரியவும் கூடாது. ஆனால் வாசகருக்குத் தெரிந்திருந்தால், தம்பி தன் கூட்டாளிகளோடு தாழ்ந்த குரலில் பேசும் ஒவ்வோர் இடமும் வேறு கனம் பெறும். ரகசியம் ஏற்கெனவே ஒருமுறை வெளியே போய்விட்டது என்பதை அவர்களில் சிலர் அறிவார்கள், தம்பி அறியமாட்டான். காலமும் பார்வையும் மாறுவதால்தான் இது அத்தியாயங்களுக்கு வெளியே நிற்கிறது. முன்கதை என்ற காரணம் மட்டும் போதுமானதாக இருந்திருக்காது.

நாயகி பாதிக் கதையிலேயே இதைக் கண்டுபிடிப்பதாகத் திட்டமிட்டிருந்தால், இதையும் எடுத்துவிட வேண்டும். அவள் அறியும் நேரத்திலேயே வாசகரும் அறிவதுதான் அங்கே வலிமை.

நீளம் அறுநூறு சொற்களுக்குள் நிற்கட்டும். ஓர் இரவு, ஓர் அறை, மூன்று பேருக்கு மேல் வேண்டாம். உத்தரவு ஏன் வந்தது என்று யாரும் அங்கே விளக்கக் கூடாது. அவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். கதவு தாழிடப்படும் இடத்தில் நிறுத்திவிடலாம். சிறையிலிருக்கும் அந்த மனிதர் நாவலின் பிற்பகுதியில் திரும்ப வந்தாக வேண்டும். இல்லையென்றால், கடைசிப் பக்கம்வரை வாசகர் அவருக்காகக் காத்திருந்து ஏமாறுவார்.

தோற்றுவாயைத் தாண்டிப் போகும் வாசகரும் இருக்கிறார்கள். ‘தோற்றுவாய்’ என்று தலைப்பிட்டால் முன்னுரை என்று நினைத்துச் சிலர் புரட்டிவிடுவார்கள். அதனால் தலைப்பு இல்லாமல், ‘வேலூர்க் கோட்டை, ஜூன் 1806’ என்று மேலே ஒரே வரி போட்டுக் காட்சியைத் தொடங்கி, அடுத்த பக்கத்தில் ‘1’ என்று அத்தியாய எண்ணை இடுவதையே நான் விரும்புவேன்.