சவுதியில சமையல் வேலையா? ஃப்ரீ ரூமும் சாப்பாடும் உங்க சம்பளக் கணக்குல சேரும், விட்டுடாதீங்க

தம்மாம்ல ஒரு ரெஸ்டாரன்ட்ல 7 வருஷமா சமைச்சுட்டிருந்த அண்ணன் ஒருத்தர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் ரூமுக்கு வந்தார். ராமநாதபுரம் பக்கம். கையில நாலா மடிச்ச ஒரு பேப்பர், முழுக்க அரபி, கீழ கம்பெனி சீல் மட்டும் நீல கலர்ல. "தம்பி, காண்ட்ராக்ட் முடியுது, இனி புதுப்பிக்க மாட்டாங்களாம். இதுல கையெழுத்து போட்டா ரெண்டு நாள்ல எக்ஸிட் விசா அடிச்சு 7,200 ரியால் கொடுத்துடுவோம்னு மந்தூப் சொல்றார், போட்டுடவா?"ன்னு கேட்டார். மந்தூப்னா கம்பெனிக்காக பேப்பர் வேலையெல்லாம் பார்க்கிற ஆள். அண்ணன் பேனாவையும் கையோட கொண்டு வந்திருந்தார்.

நான் பேப்பரை படிச்சேன். மேலயே "இஸ்திகாலா"ன்னு இருந்துச்சு. அப்படின்னா ராஜினாமா. வேண்டாம்னு சொன்னது கம்பெனி, ஆனா பேப்பர்ல இவரா வேலையை விட்டுட்டு போறதா எழுதி வச்சிருக்காங்க. 7 வருஷம் அடுப்புல நின்ன மனுஷன்கிட்ட இப்படி ஒரு பேப்பரை நீட்ட எப்படித்தான் மனசு வருதோ.

"7,200 எப்படிண்ணே வந்துச்சு?"ன்னு கேட்டேன். பேசிக் 1,800-ஐ வச்சு போட்ட கணக்குன்னு சொன்னாங்களாம். "ரூம், சாப்பாடெல்லாம் ஃப்ரீதானே தம்பி, அது எப்படி சம்பளத்துல வரும்"னு அவரே அவங்களுக்காக பேசினார்.

வரும். சவுதி லேபர் லால சம்பளம்னா "முழு சம்பளம்"னு அர்த்தம், அதாவது பேசிக்கோட மத்த அலவன்ஸும் சேரும், வேலைக்காக தர்றதா முதலாளி காண்ட்ராக்ட்ல எழுதிக் கொடுத்த ரூம், சாப்பாடு மாதிரி பொருளா தர்ற சலுகையும் சேரும். அதுக்கு மதிப்பு எவ்வளவுன்னா வருஷத்துக்கு அதிகபட்சம் ரெண்டு மாச பேசிக், காண்ட்ராக்ட்லயே அதைவிட கூட மதிப்பு எழுதியிருந்தா அந்த தொகை. சட்டம் அவ்வளவுதான். இதுக்கு மேல கேட்கப் போனா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி குழப்புவாங்க.

அண்ணன் கணக்கை போட்டு பாருங்க. பேசிக் 1,800. ரெண்டு மாச பேசிக் 3,600, அதை 12 மாசத்துக்கு பிரிச்சா மாசம் 300. ஆக வேலை முடிஞ்சு போகும்போது தர்ற சர்வீஸ் காசுக்கு கணக்கு போட வேண்டிய சம்பளம் 2,100. சர்வீஸ் காசு முதல் 5 வருஷத்துக்கு வருஷம் அரை மாச சம்பளம், அதுக்கு மேல வருஷத்துக்கு ஒரு மாசம், அப்போ 7 வருஷத்துக்கு நாலரை மாசம், 9,450 ரியால். எடுக்காத லீவு 30 நாள் பாக்கி இருந்துச்சு, அதுக்கு 2,100. மொத்தம் 11,550.

மந்தூப் கணக்கு என்னன்னா 1,800 பேசிக், நாலரை மாசத்துக்கு 8,100, ராஜினாமாங்கறதால அதுல மூணுல ரெண்டு பங்கு 5,400, லீவுக்கு 1,800. அதுதான் அந்த 7,200. 5 வருஷம் தாண்டி 10 வருஷம் முடியாத ஆள் ராஜினாமா பண்ணா மூணுல ரெண்டு பங்குதான்னு சட்டத்துலயே இருக்கு, அதுக்காகத்தான் அந்த பேப்பர். கம்பெனி காண்ட்ராக்டை புதுப்பிக்கலன்னா அது ராஜினாமா இல்ல, முழு காசு வரணும். தலைப்புல இருக்கிற அந்த ஒரு அரபி வார்த்தையாலயும், பேசிக்கை மட்டும் வச்சு போட்ட கணக்காலயும் சேர்த்து நாலாயிரம் ரியாலுக்கு மேல போயிருக்கும்.

அதனால முதல் எச்சரிக்கை, படிக்க முடியாத பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க. ஃபோட்டோ எடுத்துட்டு நாளைக்கு தர்றேன்னு சொல்லுங்க. அரபி படிக்க தெரிஞ்ச ஆள் எல்லா கேம்ப்லயும் ஒருத்தராவது இருப்பார். "முகாலஸா"ன்னு தலைப்பு இருந்தா எல்லா காசும் வாங்கிட்டேன், இனி எந்த பாக்கியும் இல்லன்னு அர்த்தம். காசு பேங்க்ல விழுந்த மெசேஜ் வந்த பிறகு மட்டும்தான் அதுல கையெழுத்து. எக்ஸிட் அடிச்ச அப்புறம் தர்றோம், ஏர்போர்ட்ல வச்சு தர்றோம்னு சொல்றதை நம்பி ஊர் வந்து சேர்ந்தவங்க எத்தனையோ பேர், இன்னைக்கு வரைக்கும் கம்பெனிக்கு போன் போட்டுட்டுதான் இருக்காங்க.

அடுத்தது காண்ட்ராக்ட். இங்கதான் பாதி பேர் மாட்டறாங்க. ஊர்ல ஏஜென்ட் கொடுத்த ஆஃபர் லெட்டர்ல "ரூம், சாப்பாடு ஃப்ரீ"ன்னு இருக்கும், ஆனா இங்க வந்து Qiwa-ங்கற கவர்மென்ட் சைட்ல போட்ட காண்ட்ராக்ட்ல சாப்பாடு பத்தி ஒரு வரி கூட இருக்காது. வாயால சொன்னதை வச்சு வாதாட முடியாது, காண்ட்ராக்ட்லயோ கம்பெனி ரூல்ஸ்லயோ எழுத்துல இருக்கணும். Qiwa-ல உங்க காண்ட்ராக்டை திறந்து பிடிஎஃப் எடுத்துக்கோங்க, அதுல "சக்கன்"னு இருந்தா தங்குமிடம், "தஆம்"னு இருந்தா சாப்பாடு. ரூமுக்கு பதிலா காசா தர்றாங்கன்னு இருந்தா இன்னும் லேசு, அந்த தொகை அப்படியே சம்பளத்துல சேரும். வெளிநாட்டு வேலைக்கு கிளம்ப கவர்மென்ட் கிளியரன்ஸ் வேணும்கிற ஈசிஆர் பாஸ்போர்ட்ல வந்தவங்களுக்கு ஊர்ல அதை எடுக்கும்போது eMigrate சைட்ல ஏத்தின காண்ட்ராக்ட் ஒண்ணு இருக்கும், அதோட காப்பியையும் ஏஜென்ட்கிட்ட இருந்து வாங்கி வைங்க, வந்த பிறகு கேட்டா போனையே எடுக்க மாட்டாங்க.

அண்ணன் காண்ட்ராக்டை அவர் போன்லயே திறந்தோம். மூணாவது பக்கத்துல, நாம பொதுவா தள்ளிவிட்டு போயிடற இடத்துல, தங்குமிடமும் மூணு வேளை சாப்பாடும் கம்பெனி பொறுப்புன்னு ஒரு வரி இருந்துச்சு. அவர் அந்த வரியை விரலால பெருசாக்கி பெருசாக்கி பார்த்தார். விரல் முழுக்க எண்ணெய் தெறிச்ச பழைய தழும்பு. "7 வருஷமா இது என் போன்லயே இருந்துருக்கா தம்பி"ன்னார்.

அப்புறம்தான் இன்னொண்ணு வெளியில வந்துச்சு. கடைசி 14 மாசமா சாப்பாட்டுக்குன்னு மாசம் 150 ரியால் பிடிச்சிருக்காங்க. சாப்பாடு ஃப்ரீன்னு காண்ட்ராக்ட்ல எழுதிட்டு அதுக்கே காசு பிடிக்கறது எந்த ஊர் நியாயம்? சட்டத்துல சொல்லியிருக்கிற சில விஷயத்துக்கு தவிர தொழிலாளி எழுத்துல சம்மதிக்காம சம்பளத்துல கை வைக்க கூடாது. பேங்க் ஸ்டேட்மென்ட்ல 1,800-க்கு பதிலா 1,650 விழுந்திருக்கறது மாசாமாசம் தெளிவா தெரியுது, 14 மாசத்துக்கு 2,100 ரியால். ஆனா ஒரு தடவை எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு ஏதோ ஒரு ஷீட்ல கையெழுத்து வாங்கினாங்கன்னு அவருக்கு ஞாபகம். அது என்ன ஷீட்னு தெரியாது. அந்த ஒரு கையெழுத்துதான் பின்னாடி அவர் கேஸை இழுத்துச்சு.

கேஸ் போடறது எப்படின்னா, நேரா கோர்ட்டுக்கு போக முடியாது. முதல்ல லேபர் மினிஸ்ட்ரி சைட்ல சமரசத்துக்கு மனு போடணும், 21 வேலை நாளுக்குள்ள முடியலன்னா அடுத்து லேபர் கோர்ட். மனு போட ஃபீஸ் கிடையாது, அதனால "நான் முடிச்சு தர்றேன் 500 கொடு"ன்னு வர்ற ஆளை கிட்ட சேர்க்காதீங்க. மக்தப் அமல்னு சொல்ற லேபர் ஆபீஸுக்கு நேர்ல போனா ஆன்லைன்ல போடுன்னு திருப்பி விடுவாங்க, ஆன்லைன்ல போட்டா கம்பெனி பேர் வேற வேற மாதிரி காட்டும், ரெஸ்டாரன்ட் போர்டுல இருக்கிற பேர் ஒண்ணு, உங்க இகாமா கார்டுல முதலாளியா இருக்கிற பேர் ஒண்ணு. இகாமால இருக்கிறதைத்தான் போடணும். அண்ணன் முதல்ல போர்டு பேரை போட்டுட்டார், அதை மாத்தறதுக்குள்ள ஒரு வாரம் போச்சு, எந்த கவுன்டர்ல கேட்டாலும் அடுத்த கவுன்டரை கை காட்டறாங்க.

அந்த சைட்டுக்குள்ள நுழைய Nafath ஆப் வேணும், ஓடிபி உங்க பேர்ல இருக்கிற சவுதி சிம்முக்குத்தான் வரும். ஊருக்கு போற சந்தோஷத்துல சிம்மை ரூம்மேட்கிட்ட கொடுத்துட்டு போயிடாதீங்க. வேலை முடிஞ்சு 12 மாசத்துக்குள்ள கேஸ் போடணும்னு கெடு இருக்கு, ஆனா ஊர்ல இருந்து சிம் இல்லாம போடறது பெரும்பாடு, கிளம்பறதுக்கு முன்னாடியே போடுங்க. சமரச தேதி மெசேஜ்ல வரும், அன்னைக்கு நீங்க போகலன்னா மனுவை மூடிட்டு போயிடுவாங்க. ட்யூட்டி இருக்குன்னு மேனேஜர் அன்னைக்குன்னு பார்த்து ஓவர்டைம் போடுவார், அந்த ட்யூட்டிக்கு போயிடாதீங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். இதெல்லாம் ரெஸ்டாரன்ட், கேட்டரிங், கேம்ப் மெஸ் மாதிரி கம்பெனி விசாவுல சமைக்கறவங்களுக்குத்தான். வீட்டு சமையல்காரரா வந்தவங்களுக்கு இந்த லேபர் லா பொருந்தாது, அவங்களுக்கு வீட்டு வேலைக்காரங்களுக்கான தனி ரூல்ஸ். இகாமால தொழில் என்ன போட்டிருக்கு, காண்ட்ராக்ட் Qiwa-லயா Musaned-லயான்னு பாருங்க, Musaned-னா வீட்டு விசா. வீட்டு விசாவுல கொண்டு வந்து ரெஸ்டாரன்ட்ல நிறுத்தியிருந்தா கணக்கு கேட்கறதுக்கு முன்னாடி எம்பசில போய் பேசுங்க, ஏன்னா ஸ்பான்சர்கிட்ட இல்லாம வேற இடத்துல வேலை பார்த்ததா உங்க மேலயே திருப்பிடுவாங்க.

அண்ணனோட முதல் சமரச தேதிக்கு மந்தூப் வரவே இல்ல. ரெண்டாவது தேதிக்கு வந்தார், அந்த சாப்பாட்டு ஷீட்டோட. அதுல அண்ணன் கையெழுத்து இருந்துச்சு, மேல என்ன எழுதியிருக்குன்னு அவர் அன்னைக்குத்தான் முதல் தடவையா கேட்டு தெரிஞ்சுக்கிட்டார். ஆனா சர்வீஸ் காசுல மந்தூப்பால ஒண்ணும் பேச முடியல, காண்ட்ராக்ட்ல அந்த மூணாவது பக்கத்து வரி இருக்கு, ராஜினாமா பேப்பர்ல கையெழுத்து இல்ல. அதிகாரி அதையே ரெண்டு தடவை படிச்சு காட்டினார். சர்வீஸும் லீவும் சேர்த்து 11,550 முழுசா ஒத்துக்கிட்டாங்க. சாப்பாட்டுக்கு பிடிச்ச 2,100-க்கு கோர்ட்டுக்கு போனா இன்னும் சில மாசம் ஆகலாம், ஊர்ல பொண்ணுக்கு நிச்சயம் வச்சிருக்கு, 1,000 ரியாலுக்கு முடிச்சுக்கறேன்னு அண்ணனே சொல்லிட்டார். எனக்கு மனசு கேட்கல, ஆனா அது அவர் காசு, அவர் முடிவு.

எட்டு நாள் கழிச்சு 12,550 ரியால் வந்ததா பேங்க் மெசேஜ் வந்துச்சு. எனக்கு காட்டிட்டு, அப்புறம்தான் அந்த மடிச்ச பேப்பருக்கு பதிலா கொடுத்த புது முகாலஸாவை எடுத்து, படிச்சு சொல்லு தம்பின்னு நீட்டினார்.