பாஸ் வாங்குவதற்குச் சரியான நாள்

"மாமா, இது சும்மா செலவில்லை. பாஸை முடிச்சால் போட்ட கொயின் எல்லாம் திரும்ப வந்திடும்." கோண்டாவிலில் இருக்கும் என் மருமகன் போன் விளையாட்டொன்றின் பட்டில் பாஸ் வாங்க 3,000 ரூபாய் கேட்டபோது சொன்ன நியாயம் இதுதான். பெடியன் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வசனத்தின் பாரம் முழுவதும் 'முடிச்சால்' என்ற சொல்லின் மேல் இருக்கிறது. எனவே விலையைப் பார்க்கும் முன், அவன் எந்த லெவல் வரைக்கும் போவான் என்று கணக்குப் பார்த்தோம்.

பட்டில் பாஸ் என்பது ஒரு பருவத்துக்கான பரிசு ஏணி. விளையாட்டுக்குள் கொடுக்கப்படும் மிஷன்களைச் செய்தால் புள்ளி சேரும், புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும், ஒவ்வொரு லெவலிலும் ஏதாவது கிடைக்கும். காசு கொடுக்காதவருக்கும் ஏணி உண்டு, அதில் பரிசு குறைவு. பருவம் முடிந்தால் ஏணியைத் தூக்கிவிடுவார்கள். ஃபோர்ட்நைட் விளையாட்டு 2017 டிசம்பரில் இந்த முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தபோது பாஸின் விலை அந்த விளையாட்டின் காசில் 950 வி-பக்ஸ், படிகள் 70. பிறகு பப்ஜி மொபைல், ஃப்ரீ ஃபயர் என்று எல்லோரும் இதே அச்சில் வார்த்தார்கள்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு மாதிரிப் பாஸை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும், கணக்குப் போடும் வழி மாறாது. பருவம் எட்டு வாரம். 100 லெவல், லெவலுக்கு 100 புள்ளி, ஆக மொத்தம் 10,000 புள்ளி. வாராந்த மிஷன்களை எல்லாம் முடித்தால் வாரத்துக்கு 1,000 புள்ளி, தினசரி மிஷன்களுக்கு நாளுக்கு 60 புள்ளி. ஒன்றுவிடாமல் செய்பவருக்கு 11,360 புள்ளி கிடைக்கும். அதாவது, தாராளமாகத் தெரிகிற இந்த ஏணியில் உண்மையில் பன்னிரண்டு வீதம்தான் மிச்சம் விட்டிருக்கிறார்கள்.

இப்போது மருமகனின் முதல் வாரம். ரியூசன் முடிந்து வந்து இரவில் ஒரு மணித்தியாலம், வாரத்துக்கு ஏழு மணித்தியாலம். வாராந்த மிஷன்களில் முக்கால்வாசி முடிந்தது, 750 புள்ளி. தினசரி மிஷன் நாலு நாள், 240 புள்ளி. மொத்தம் 990. எட்டால் பெருக்கினால் 7,920, அதாவது 79ஆம் லெவல். பருவத்தின் நடுவில் நல்லூர்த் திருவிழா வருகிறது. அந்த 25 நாளும் பின்னேரமானால் வீட்டில் ஆள் இருக்காது, தினசரி மிஷன் வாரத்துக்கு ஒன்று முடிந்தாலே பெரிய விஷயம். தவறிய வாராந்த மிஷன்கள் பல விளையாட்டுகளில் பருவம் முடியும்வரை காத்திருக்கும், பிறகு சேர்த்து முடிக்கலாம். தினசரி மிஷன் நள்ளிரவோடு போய்விடும். அதில் சுமார் 630 புள்ளி கழிகிறது. மீதி 7,290, அதாவது 72ஆம் லெவல்.

72 என்றவுடன் 'முக்கால்வாசி தேறிவிட்டதே' என்று தோன்றும். ஆனால் பரிசுகளைச் சமமாக அடுக்குவதில்லை. அவன் ஆசைப்பட்ட உடை 100ஆவது லெவலில் நிற்கிறது. அது தனியாக விற்றால் 1,500 ரூபாய் கொடுப்பேன் என்றான். 40ஆவது லெவலில் துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் ஒரு ஸ்கின், அதற்கு 500. இடையில் உள்ள ஸ்டிக்கர், பட்டம், பாரசூட் எதற்கும் அவன் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கமாட்டான். 'இத்தனை ஆயிரம் கொயின் பெறுமதி' என்று விளம்பரத்தில் வரும் தொகையின் பெரும்பகுதி இந்தச் சாமான்கள்தான். தனியாக விற்றால் வாங்குவேனா என்று ஒவ்வொன்றையும் கேட்டுப்பாருங்கள், பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

சரி, திரும்பி வரும் கொயின்? பாஸின் விலை 600 கொயின், ஒவ்வொரு பத்தாவது லெவலிலும் 60 திரும்ப வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 72இல் நின்றால் 420. கடையில் 600 கொயினாக வாங்க முடியாது, 660 கொண்ட பொதி 3,000 ரூபாய், ஆகவே கொயின் ஒன்று நாலரை ரூபாய். 420 கொயின் 1,900 ரூபாய் மாதிரித் தெரியும். ஆனால் அது அந்த விளையாட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் காசு. அடுத்த பாஸையும் வாங்குவது உறுதி என்றால்தான் முழுப் பெறுமதி. அப்படி வைத்தாலும் ஸ்கினோடு சேர்த்து 2,400தான். அடுத்த பருவம் சாதாரணதரப் பரீட்சை, போன் அக்காவின் அலுமாரிக்குள் போய்விடும் என்றால் அவனுக்குக் கிடைப்பது 500 ரூபாய்ப் பெறுமதி.

மிச்சம் 28 லெவலைத் துரத்தலாமா? அவனுடைய வேகம் மணித்தியாலத்துக்கு 140 புள்ளி அளவில். 2,710 புள்ளிக்கு அந்த வேகத்தில் 19 மணித்தியாலம். உண்மையில் இன்னும் கூடும், ஏனென்றால் இலகுவான மிஷன்களை அவன் ஏற்கெனவே முடித்துவிட்டான், மிஞ்சியிருப்பவை கடினமானவை. முதல் வார வேகத்தை வைத்துக் கடைசி லெவலைக் கணிப்பவர்கள் வழுக்கும் இடம் இது. லெவலைக் காசுக்கும் விற்பார்கள். லெவலுக்கு 20 கொயின் என்றால் 28 லெவலுக்கு 560, கிட்டத்தட்ட இன்னொரு பாஸ்.

அப்படியென்றால் வாங்கவே கூடாதா? வாங்கலாம், ஆனால் முதல் நாளில் வேண்டாம். பெரும்பாலான விளையாட்டுகளில் காசு கொடுக்காவிட்டாலும் லெவல் ஏறிக்கொண்டே இருக்கும். ஏழாவது வாரத்தில் பாஸை வாங்கினால் அதுவரை ஏறிய லெவல்களின் பரிசுகள் எல்லாம் ஒரே தட்டில் வந்து சேரும். அப்போது எதையும் கணிக்கத் தேவையில்லை, நிற்கும் லெவல் கண்முன்னே இருக்கும். 95ஐத் தாண்டியிருந்தால் வாங்கு, 70இல் நின்றால் விடு என்று அவனோடு பேசி முடிவெடுத்தோம். முகம் கொஞ்சம் தொங்கியது, வேறென்ன.

பிந்தி வாங்குவதில் இன்னொரு நன்மை இருக்கிறது, அது மனம் சம்பந்தப்பட்டது. ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு உளவியலாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாடக அரங்கின் பருவச் சீட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குக் கழிவு விலைக்கும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது குருட்டுவாக்கில் தீர்மானிக்கப்பட்டது. முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் கூடுதலான நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான், போட்ட காசுதான் அவர்களைத் தள்ளியது. முதல் நாளே பாஸ் வாங்கியவனும் அப்படித்தான், விளையாட மனமில்லாத இரவிலும் தினசரி மிஷனுக்காகப் போனைத் திறப்பான்.

விளையாட்டுகளின் மாதச் சந்தாவில் ஆபத்து எதிர்ப்பக்கம். அங்கே ஏணி இல்லை, மறதிதான் பகை. டெல்லாவிக்னா, மல்மெண்டியர் இருவரும் 2006இல் அமெரிக்க உடற்பயிற்சிக்கூடங்களைப் பற்றி எழுதிய ஆய்வு புகழ்பெற்றது. 70 டொலருக்கு மேல் மாதக் கட்டணம் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரி 4.3 தடவைதான் போனார்கள். ஒரு தடவைக்கு 17 டொலருக்கும் மேல் விழுந்தது, 10 டொலருக்குச் சீட்டு வாங்கிப் போயிருக்கலாம். அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை, தாங்கள் எத்தனை முறை போவோம் என்பதை மிகைப்படுத்திவிட்டார்கள். கேம் சந்தாவுக்கும் வரப்போகும் மாதத்தை நம்பாமல் போன மாதத்தைப் பாருங்கள். தினமும் உள்ளே போய் எடுத்தால்தான் கொயின் தரும் சந்தா என்றால், போன மாதம் எத்தனை நாள் உள்ளே போனீர்கள் என்பதே உங்கள் உண்மையான கொயின் எண்ணிக்கை.

பிந்தி வாங்கும் வழி எல்லா இடத்திலும் சரிவராது. பாஸ் வைத்திருப்பவருக்கு மட்டும் தனி மிஷன்கள் தரும் விளையாட்டு என்றால், கடைசியில் வாங்குபவருக்கு அவற்றை முடிக்க நேரம் இருக்காது. அங்கே பாதியில் வாங்குவது நல்ல சமரசம். உடை முதல் லெவலிலேயே கிடைத்து, அதற்கு மட்டுமே பாஸின் முழு விலையையும் கொடுப்பீர்கள் என்றால் காத்திருக்கக் காரணமே இல்லை. ஹேலோ இன்ஃபினிட், ஹெல்டைவர்ஸ் 2 போன்றவற்றில் வாங்கிய பாஸ் காலாவதியாவதில்லை, எத்தனை மாதம் கழித்தும் தொடரலாம். அங்கே மருமகனுக்குப் போட்ட கணக்கில் வாரங்களை அடித்துவிட்டு, பரிசுகளின் பெறுமதியை மட்டும் பார்த்தால் போதும்.