ஊசிப் புத்தகத்தில் வயதைப் பார்க்காதீர்கள், டோஸை எண்ணுங்கள்

மே மாதம் முதல் வாரத்தில் எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பாட்டி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையனுக்கு 16 மாதம் ஆகப்போகிறது. அப்பா அம்மா ஜொகூரில் தங்கி, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளையை இங்கே பேராக்கில் பாட்டியிடம் விட்டிருக்கிறார்கள். "டீச்சர், கிளினிக்ல ஜூலைல வான்னு சொல்லிட்டாங்க. இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் பாருங்க, எனக்கு ஒன்னும் புரியல" என்றார்.

புத்தகத்தைத் திறந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பையனுக்குத் தட்டம்மை ஊசி ஒன்றுகூடப் போடவில்லை. ஒன்பதாம் மாதம் ஒன்று, பன்னிரண்டாம் மாதம் ஒன்று போட்டிருக்க வேண்டும். இரண்டு கட்டமும் காலி. ஆனால் கவுண்டரில் இருந்தவர் பிள்ளையின் வயதைப் பார்த்திருக்கிறார், அடுத்த அச்சடித்த வரி 18 மாதம் என்று பார்த்திருக்கிறார், ஜூலை 10-க்கு வரச் சொல்லிவிட்டார். நடுவில் இருந்த ஐந்து காலிக் கட்டங்களை யாரும் பார்க்கவில்லை.

இதுதான் நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி நடக்கிறது. அரசு கிளினிக்கில் இந்த ஊசிகள் மலேசியக் குடிமக்கள் பிள்ளைகளுக்கு இலவசம். பிள்ளை பிறந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. குடியுரிமை இல்லாத பிள்ளைக்குக் கட்டணம் கேட்பார்கள், எவ்வளவு என்று பதிவுக் கவுண்டரிலேயே முதலில் கேட்டுவிடுங்கள். சட்டமும் திட்டமும் இவ்வளவுதான். சிக்கல் எல்லாம் அந்தப் புத்தகத்தை வாசிப்பதில் இருக்கிறது.

முதலில் எழுத்துகள். இரண்டாம் மாதத்திலிருந்து வருகிற ஒரு நீண்ட பெயர் இருக்கிறது: டி, டி, சின்ன ஏ, பி, பிறகு ஐபிவி, ஹிப், ஹெப்-பி. இதையே சிலர் 'சிக்ஸ் இன் ஒன்' என்று சுருக்கமாக எழுதுவார்கள். ஒரே ஊசியில் ஆறு நோய்க்கான மருந்து. முதல் டி தொண்டை அடைப்பான். அடுத்த டி, மலாய்க்காரர்கள் 'கஞ்சிங் கிகி' என்று சொல்கிற வாய்ப்பூட்டு நோய். பி என்பது கக்குவான் இருமல், அதற்கு முன்னால் உள்ள சின்ன ஏ அந்த மருந்தின் வகையைக் குறிக்கிறது, தனி நோய் இல்லை. ஐபிவி போலியோ. கடைசி இரண்டில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

ஹிப் வேறு, ஹெப்-பி வேறு. எச், ஐ, பி என்று எழுதியிருந்தால் அது பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்குகிற ஒரு கிருமி. எச், பி என்றோ ஹெப்-பி என்றோ இருந்தால் அது கல்லீரல் நோய். கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பாட்டியின் மருமகள் போனில், "அதான் பிறந்த அன்னைக்கே போட்டாச்சே" என்றாள். இந்த இரண்டில் பிறந்த அன்று போட்டது ஹெப்-பி மட்டும். ஹிப் பிறந்த அன்று போடுவதே இல்லை.

இன்னொரு பொறி: 'டி1', 'டி2' என்று எழுதியிருப்பார்கள். அந்த டி தொண்டை அடைப்பான் இல்லை, டோஸ். டி2 என்றால் இரண்டாவது டோஸ். பிசிவி என்றால் நிமோகாக்கல் ஊசி, 2020-இலும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்கு அரசு கிளினிக்கில் உண்டு. எம்எம்ஆர் என்றால் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா. பிசிஜி காசநோய்க்கு. புத்தக ஓரத்தில் 'டிசிஏ' என்று எழுதித் தேதி போட்டிருந்தால் அது ஊசியின் பெயரே இல்லை, மறுபடி வர வேண்டிய நாள். ஒரு தாய் அதை ஏதோ போட்டு முடித்த ஊசி என்று ஒரு வருடம் நினைத்திருந்தார். தனியார் கிளினிக்கில் போட்டிருந்தால் மருந்துக் கம்பெனிப் பெயர் ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும் இருக்கும். அந்தக் கிளினிக்குக்குப் போன் செய்து எந்த ஊசி, எத்தனையாவது டோஸ் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அரசு கிளினிக்குக்குப் போக வேண்டும். ஸ்டிக்கரை மட்டும் நீட்டினால், பாதிப் பேர் பார்க்காமலே திருப்பி அனுப்புவார்கள்.

இனி பேரன் புத்தகம். பிறந்தது 2024 ஜனவரி 10. அன்றே பிசிஜி, ஹெப்-பி. சிக்ஸ் இன் ஒன் முதல் டோஸ் மார்ச் 12, இரண்டாவது ஏப்ரல் 15. பிசிவி முதல் டோஸ் மே 20. அதோடு நின்றுவிட்டது. அந்த ஜூனில்தான் பிள்ளை பாட்டியிடம் வந்தது.

பாட்டி இரண்டாவதாக இன்னொரு கிளினிக்குக்கும் அலைந்திருக்கிறார். அங்கே, "ஜொகூர் கிளினிக்கில் பதிவு, அங்கேயே போங்கள்" என்றார்களாம். அரை நாள் பஸ், மடியில் பிள்ளை, இந்தப் பதில். இன்னொருவர், "ரொம்ப நாள் ஆச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்கணும்" என்று பயமுறுத்தியிருக்கிறார். அது தவறு. இடைவெளி எவ்வளவு நீண்டாலும், சரியாகப் போட்ட டோஸ் அழியாது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

ஒரு வெள்ளைத் தாளில் நான் நான்கு வரி எழுதினேன். வயதை எழுதவில்லை, எண்ணிக்கையை எழுதினேன். பிசிஜி, வேண்டியது ஒன்று, போட்டது ஒன்று. சிக்ஸ் இன் ஒன், வேண்டியது நான்கு, போட்டது இரண்டு. பிசிவி, வேண்டியது மூன்று, போட்டது ஒன்று. எம்எம்ஆர், வேண்டியது இரண்டு, போட்டது பூஜ்யம். மொத்தம் ஆறு ஊசி பாக்கி. கையில் பிசிஜி தழும்பு தெரியவில்லையே என்று பாட்டி கேட்டார். புத்தகத்தில் தேதி இருந்தால் போதும், தழும்பு இல்லையென்று மறுபடி போட வேண்டாம்.

பிறகு இடைவெளி. சிக்ஸ் இன் ஒன் மூன்றாவது டோஸை உடனே போடலாம். நான்காவது, மூன்றாவதிலிருந்து ஆறு மாதம் கழித்து. எம்எம்ஆர் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது நான்கு வாரம். பிசிவியை இந்த வயதில் எட்டு வார இடைவெளியில் போட்டு முடிக்கலாம். வெவ்வேறு ஊசிகளை ஒரே நாளில் வெவ்வேறு இடத்தில் போடலாம், அதற்குக் காத்திருப்பு தேவையில்லை.

இதை வைத்து வந்த தேதிகள்: மே 14 அன்று மூன்று ஊசி, அதாவது சிக்ஸ் இன் ஒன் மூன்றாவது, எம்எம்ஆர் முதலாவது, பிசிவி இரண்டாவது. ஜூன் 11, எம்எம்ஆர் இரண்டாவது. ஜூலை 9, பிசிவி மூன்றாவது. நவம்பர் 14, சிக்ஸ் இன் ஒன் நான்காவது. பஸ்ஸுக்குக் கஷ்டம் என்றால் ஜூன் ஊசியை ஜூலை 9-க்குச் சேர்த்துவிடலாம், ஒரு பயணம் மிச்சம். நான் சேர்க்கச் சொல்லவில்லை. முதல் எம்எம்ஆர் எல்லாப் பிள்ளைக்கும் பிடிப்பதில்லை, பிடிக்காத பிள்ளைக்காகத்தான் இரண்டாவது இருக்கிறது. ஏற்கனவே இத்தனை மாதம் வெறுமனே இருந்த பிள்ளை அவன்.

கிளினிக் சொன்னபடி ஜூலை 10 வரை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று 18 மாத வரியில் ஒரு சிக்ஸ் இன் ஒன் போட்டிருப்பார்கள். அந்த வரிக்கு மேல் 'பூஸ்டர்' என்று அச்சடித்திருக்கும். உண்மையில் அது மூன்றாவது டோஸ்தான். கடைசிக் கட்டம் நிரம்பியதும், பார்க்கிறவர்கள் முடிந்தது என்றே நினைப்பார்கள், ஐந்தாம் மாதக் கட்டம் காலியாகவே கிடக்கும். அதை மூன்றாவது என்று சரியாக எழுதியிருந்தாலும், நான்காவது 2026 ஜனவரி 10-க்குத் தள்ளிப்போகும், அவனுடைய இரண்டாவது பிறந்த நாளுக்கு. அச்சடித்த வரி என்ன வயது சொல்கிறதோ அது நேரத்துக்குப் போட்ட பிள்ளைக்கு எழுதியது. தவறவிட்ட பிள்ளைக்கு அது வழிகாட்டாது.

மே 14 காலையில் நானும் கூடப் போனேன். முன்னதாகவே போன் செய்து எம்எம்ஆர் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டோம். கலக்கிய மருந்தைச் சில மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது என்பதால் சில இடங்களில் நாள் குறித்துத்தான் போடுவார்கள். கவுண்டரில் பிறப்புப் பத்திரம், மைகிட், புத்தகம் மூன்றையும் எடுத்து வைத்து, "கேட்ச் அப், மிஸ்ஸி" என்று அந்தத் தாளை நீட்டினோம். பையனுக்கு லேசாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் வாங்க" என்றார். விடவில்லை. லேசான சளிக்கு ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, கடும் காய்ச்சலோ கடும் நோயோ இருந்தால்தான் தள்ளிப்போட வேண்டும். டாக்டரைக் கேளுங்கள் என்றோம். டாக்டர் காய்ச்சல் பார்த்தார், இல்லை. மூன்று ஊசியையும் அன்றே போடச் சொல்லிவிட்டார். கவுண்டரில் மறுத்தால் டாக்டரைக் கேட்கச் சொல்வது உங்கள் உரிமை. குரலை உயர்த்தத் தேவையில்லை, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

மிஸ்ஸி எழுதும்போது மூன்றாவது சிக்ஸ் இன் ஒன்னை 18 மாத வரியில் எழுதப் போனார். பேனாவை அங்கேயே நிறுத்தினோம். ஐந்தாம் மாத வரியில் டோஸ் 3 என்று எழுதி, மே 14 தேதி போட வைத்தோம். தேதி, டோஸ் எண், மருந்தின் தொகுதி எண், கையெழுத்து நான்கும் இருக்கிறதா என்று அறையை விட்டு வெளியே வரும் முன் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தால் திருத்த யாரும் இருக்க மாட்டார்கள். புத்தகத்தின் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து அம்மாவுக்கும் அனுப்பிவிட்டோம். புத்தகம் தொலைந்தால் அந்தப் படம்தான் சாட்சி.

பாட்டிக்கு இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன். சிக்ஸ் இன் ஒன் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் வந்து போய்விடும். எம்எம்ஆர் காய்ச்சலோ சிவப்புத் தடிப்போ ஐந்து நாளிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் வரலாம். அப்போது வந்தால், "ஊசி போட்டதால்தான் பிள்ளைக்கு அம்மை வந்துவிட்டது" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், அடுத்த ஊசிக்குப் போக விடமாட்டார்கள். ஒன்பதாவது நாள் உடம்பு லேசாகச் சுட்டது. பாட்டி எனக்குப் போன் செய்தார், கிளினிக்கில் கொடுத்த மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் கொடுத்தார், மறுநாள் சரியாகிவிட்டது. ஜூன் 11 அன்று அவராகவே பையனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். நவம்பர் 14 தேதியை அவர் வீட்டுக் காலண்டரில் நான் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன்.