பத்தில் நான்கு எங்கிருந்து வந்தது?

ஆறாம் தரக் கணித வகுப்பில் 3/4 + 1/6 என்ற கணக்கைக் கொடுத்தால் சில பிள்ளைகள் 4/10 என்று எழுதுவார்கள். மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டிவிட்டார்கள். அதைவிடக் கவலையான விஷயம், முக்காலோடு எதையோ கூட்டினோமே, விடை ஏன் அரையை விடக் குறைந்தது என்ற கேள்வியே அவர்களுக்கு எழுவதில்லை.

கொழும்பில் தமிழ் மொழிமூலத்தில் படிக்கும் அப்படி ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் பூட்டப்பட்டபோது அவள் முதலாம் தரம். அடுத்த வருடமும் திறப்பதும் பூட்டுவதுமாகவே போனது. 2022 ஜூனில் எரிபொருள் இல்லாமல் கொழும்புப் பாடசாலைகள் மறுபடி பூட்டின. எண்ணின் இடப்பெறுமானமும் பெருக்கல் வாய்ப்பாடும் மனதில் ஊறவேண்டிய வருடங்கள் அவை. அவளோ வருடா வருடம் அடுத்த தரத்துக்கு ஏறிக்கொண்டே இருந்தாள்.

இப்படி ஏறுவது என்ன செய்யும் என்பதற்கு வடபாகிஸ்தானில் ஒரு சான்று இருக்கிறது. 2005 நிலநடுக்கத்தில் அங்கே பாடசாலைகள் சராசரியாகப் பதினான்கு வாரங்கள் மூடியிருந்தன. நான்கு வருடங்கள் கழித்துப் பார்த்தபோது, பாதிக்கப்பட்ட பகுதிப் பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை ஆண்டு பின்தங்கியிருந்தார்கள். திறந்த பிறகும் இடைவெளி வளர்ந்திருக்கிறது. விட்ட இடத்துக்குத் திரும்பாமல் பாடத்திட்டம் தன் வேகத்தில் போனதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

சரி, நம் பிள்ளையிடம் வருவோம். பின்னக் கூட்டலைத் திரும்ப நடத்தினால் வேலைக்காகாது. கேள்வியைப் படிப்படியாகக் கீழே இறக்க வேண்டும். 3/4 ஐப் பகுதியெண் 12 வரும்படி எழுதச் சொன்னால் விழிக்கிறாள். 4 இன் மடங்குகளைக் கேட்டால் 4, 8, 12 என்று சரியாகச் சொல்கிறாள். 6 இல் 6, 12, 16 என்று சறுக்குகிறாள். அப்புறம் ஒரு கடதாசிக் கீற்றைக் கொடுத்து, நான்காக மடித்து முக்காலைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். அதைக் காட்டினால், பின்னத்தின் அளவு புரிந்திருக்கிறது, வாய்ப்பாடு மட்டும் இல்லை. காட்டத் தெரியாவிட்டால் சிக்கல் வேறு: அவளுக்கு 3/4 என்பது ஒன்றின் மேல் ஒன்றாக எழுதிய இரண்டு எண்கள், அவ்வளவுதான். முதலாவதற்கு மருந்து தினமும் பத்து நிமிட வாய்ப்பாடு. இரண்டாவதற்கு வாய்ப்பாடு எவ்வளவு படித்தாலும் பயனில்லை. கீற்றும் எண்கோடும் வேண்டும்.

பாடத்திட்டத்தை மறுபடி அடுக்குவதும் இதே தர்க்கத்தில்தான். ஒவ்வொரு பாடத்தையும் பார்த்து, இதன் மேல் எத்தனை பாடங்கள் நிற்கின்றன என்று கேட்க வேண்டும். மடங்குகள் இல்லாமல் சமவலுப் பின்னம் இல்லை. அது இல்லாமல் பின்னக் கூட்டல், விகிதம், சதவீதம் எதுவும் நகராது. ஆகவே பெருக்கலும் மடங்குகளும் பின்னத்தின் அளவும் முதல் தவணையின் தொடக்கத்துக்கு வருகின்றன, அவை கீழ்த் தரப் பாடமாக இருந்தாலும். அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது? ரோம இலக்கத்தின் மேல் வேறெந்தப் பாடமும் நிற்பதில்லை, அதைத் தள்ளிவைக்கலாம். திசைகளும் திண்மங்களும் பிந்தி வரலாம், அடுத்த தரங்களில் அவற்றை மறுபடி தொடுவோம். சிலதைத் தள்ளவே தேவையில்லை. சலாகை வரைபில் ஒரு சதுரத்துக்கு 6 பேர் என்று அளவிடை வைத்தால் ஆறாம் வாய்ப்பாடு அதற்குள்ளேயே நடந்துவிடும். செவ்வகத்தின் பரப்பளவும் அப்படித்தான்.

பரீட்சையில் புள்ளி குறைந்த பாடங்களை வெட்டுவதும், புத்தகத்தின் கடைசி அலகுகளை அப்படியே விடுவதும் சுலபம். நேரம் மிஞ்சும், ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்பது அந்த வெட்டில் கணக்கெடுக்கப்படவே இல்லை. எனக்கு இது பாடத்திட்டத்தைச் சுருக்குவதாகவே படவில்லை, பக்கங்களைக் குறைப்பதாகத்தான் படுகிறது.

ஒரே வகுப்பில் எல்லாரும் ஒரே படியில் இருக்கமாட்டார்கள் என்பது அடுத்த தலைவலி. இந்தியாவின் பிரதம் அமைப்பு நாளில் ஒரு பகுதி நேரம் தரத்தைப் பாராமல், எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிக்கிறது. நல்ல முறைதான். ஆனால் அடிக்கடி மறுபடி சோதித்துக் குழுவை மாற்றாவிட்டால், "அவ மெதுவான குரூப்" என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு தடையையும் சொல்ல வேண்டும். தவணைப் பரீட்சை வினாத்தாள் வெளியிலிருந்து வழக்கமான வரிசையில் வந்தால், வரிசையை மாற்றிய டீச்சரின் வகுப்பு முதல் தவணையில் புள்ளி இழக்கும். அதிபரும் பெற்றோரும் கேள்வி கேட்பார்கள். எனவே இதை ஒரு டீச்சர் தனியாகச் செய்வது கடினம்; வலய மட்டத்தில் வினாத்தாளும் சேர்ந்து மாற வேண்டும்.

பலித்ததா என்று பார்க்க, நடத்திய அன்றே சோதிக்கக்கூடாது. அன்று எல்லாரும் சரியாகத்தான் செய்வார்கள். மூன்று வாரம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், வேறு எண்களில் 5/6 + 1/8 கொடுக்கலாம். கணக்குப் போடும் முன் ஒன்றை மட்டும் கேட்க வேண்டும்: "விடை ஒன்றுக்குக் கிட்ட வருமா, அரைக்குக் கிட்ட வருமா?" "ஒன்றுக்குக் கிட்ட" என்று சொல்லிவிட்டு 23/24 இல் பிழை விட்டாலும் பரவாயில்லை. 6/14 என்று எழுதினால், திரும்பவும் கடதாசிக் கீற்றுக்குத்தான் போக வேண்டும்.