கார்டு ஐகானில் ஒரு கூட்டல் குறி: கோடு, மூலை, இடைவெளி

பெங்களூரில் மெட்ரோ பயணிகளுக்கான ஒரு ஆப் செய்கிறீர்கள் என்று வையுங்கள். ஐகான்கள் எல்லாம் லூசைட் தொகுப்பிலிருந்து எடுத்தவை. ரீசார்ஜ் பொத்தானுக்கு மட்டும், கார்டு ஐகானின் வலது கீழ் மூலையில் ஒரு கூட்டல் குறி வேண்டும். ஐந்து நிமிட வேலை போலத் தெரியும். செட்டிலிருந்து ஐகான் பிரிந்து நிற்பதும் இங்கேதான்.

லூசைட்டின் கட்டம் 24×24. சுற்றிலும் 1 பிக்சல் காலியிடம், 2 பிக்சல் கோடு, உருண்ட முனைகள். கார்டு போன்ற பெரிய பெட்டிக்கு மூலை ஆரம் 2. தனித்தனிப் பாகங்களுக்கு நடுவே 2 பிக்சல் இடைவெளி.

பலரும் தொகுப்பிலுள்ள கூட்டல் ஐகானை எடுத்துச் சுருக்கி ஒட்டுவார்கள். அதன் கை 14 அலகு நீளம். ஃபிக்மாவின் ஸ்கேல் கருவியால் 6 அலகுக்குக் குறைத்தால் கோடும் கூடவே சுருங்கி 0.86 ஆகிவிடும். கார்டு தடிமனாகவும் குறி நூல் மாதிரியும் இருக்கும். சுருக்காமல், 6 அலகுக் கோடுகள் இரண்டைப் புதிதாக வரைவதே நல்லது.

அடுத்தது இடைவெளி. குறிக்குப் பின்னால் வெள்ளை வட்டம் வைத்துக் கார்டின் விளிம்பை மறைப்பது குறுக்குவழி. பொத்தான் ஊதா நிறமானதும், டார்க் மோடுக்குப் போனதும் அந்த வட்டம் பல்லை இளிக்கும். விளிம்பையே வெட்டித் திறந்துவிட வேண்டும். எங்கே வெட்டுவது? கோட்டின் பாதி தடிமன் இருபுறமும் 1 என்பதால், கண்ணுக்கு 2 இடைவெளி தெரிய மையக்கோடுகள் 4 அலகு விலக வேண்டும். குறியின் இடது முனை (16,19)இல் இருப்பதால் கீழ் விளிம்பு x=12இல் நிற்கும். வலது விளிம்பை y=13இல் நிறுத்தினால், குறியின் மேல் முனையிலிருந்து 4.24 விலகும். அதைவிடக் கீழே முழு எண்ணில் நிறுத்த இடமில்லை, 14க்குப் போனால் தூரம் 3.6 ஆகிவிடும்.

```
<path d="M22 13V7a2 2 0 0 0-2-2H4a2 2 0 0 0-2 2v10a2 2 0 0 0 2 2h8"/>
<path d="M2 10h20"/>
<path d="M16 19h6"/>
<path d="M19 16v6"/>
```

மூலையில்தான் கண் ஏமாறும். ஃபிக்மாவில் புதிதாகப் பெட்டி வரைந்தால் கோடு இயல்பாக உள்பக்கம் அமையும். ஆரம் 2 என்று கொடுத்தால் வெளிவளைவு 2, உள்வளைவு 0, உள்ளே கூர்மூலைதான். லூசைட்டின் கோடு மையத்தில் அமைவதால் அதே 2க்கு வெளியே 3, உள்ளே 1 கிடைக்கும். எண் ஒன்றாக இருந்தும் உருவம் மாறுவது இதனால்தான். ஸ்ட்ரோக்கை Center என்று மாற்றிய பிறகே ஆரத்தைக் கொடுங்கள்.

சரிபார்க்க, பழைய கார்டு ஐகானைப் பாதி ஒளிபுகும் சிவப்பில் மேலே வையுங்கள். வெட்டாத பகுதி முழுக்க ஒன்றின்மேல் ஒன்றாகப் படிய வேண்டும். பிறகு 24 அளவிலேயே, பக்கத்து ஐகான்களோடு வரிசையில் பாருங்கள். 16க்குக் குறைத்தால் கோடு 1.33 பிக்சலாகி எல்லா ஐகானும் சற்று மங்கும், அதைப் பார்த்து இந்த ஒன்றை மட்டும் திருத்தப் போகாதீர்கள்.